குறிப்பாணையும் அல்ல, மனுவும் அல்ல: கூட்டத்தில் குறுக்கே பேசும் சக ஊழியருக்கு எழுதுவது எப்படி

கூட்டத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து பேச்சைப் பிடுங்கிக்கொள்ளும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அதை நிறுத்தச் சொல்லி, அந்தப் பழக்கம் உள்ளவருக்கே ஒரு கடிதம் எழுதுவது சிறு வேலையாகத்தான் தெரியும். எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் புரியும். அதற்குப் பழகிய வடிவம் எதுவும் கைக்கு வராது.

தர்மபுரி மாவட்டத்து அரசு அலுவலகங்களில் ஒருவர் பெயருக்குத் தாள் வருகிறது என்றால் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். மேலிருந்து கீழே வருவது குறிப்பாணை. அதில் ந.க.எண் இருக்கும், 'பொருள்' இருக்கும், 'பார்வை' இருக்கும், இத்தனை நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும் என்ற வரி இருக்கும். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) சிறு தண்டனைகளுக்கான நடவடிக்கையைச் சொல்கிறது, 17(ஆ) பெரும் தண்டனைகளுக்கானதைச் சொல்கிறது. விதிப் புத்தகத்தைப் புரட்டாத ஊழியருக்கும் இந்த இரண்டு எண்களும் தெரியும். கீழிருந்து மேலே போவது மனு. திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்பவர்கள் கையில் இருப்பது அதுதான். சமமானவர் சமமானவருக்கு எழுதும் தாளுக்கு அலுவலகம் எந்த வடிவத்தையும் கற்றுத்தருவதில்லை. அதனால் எழுதுகிறவர் தம்மை அறியாமல் குறிப்பாணையின் குரலுக்கோ மனுவின் குரலுக்கோ போய்விடுகிறார். முதலாவது மிரட்டலாகப் படுகிறது, இரண்டாவது புலம்பலாகப் படுகிறது. இரண்டிலிருந்தும் விலகி நிற்கக் கற்றுக்கொள்வதே இந்தக் கடிதத்தின் பாதி வேலை.

எது குறுக்கீடு

எழுதும் முன் நடந்தது உண்மையிலேயே குறுக்கீடுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சில் முறை மாறுவதை ஹார்வி சாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974-இல் விரிவாக ஆராய்ந்தார்கள். கேட்பவர் காத்திருந்து காத்திருந்து பேசத் தொடங்குவதில்லை. எதிரே உள்ளவரின் வாக்கியம் எங்கே முடியும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தில் தொடங்குகிறார். 2009-இல் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்த ஆய்வில் சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிநொடி என்று தெரிந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு குறுகிய இடைவெளியில் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அது யாருடைய குற்றமும் அல்ல.

இன்னொரு வகை, பேசுகிறவருக்குத் துணையாக ஊடே பேசுவது. கதை கேட்பவர் 'உம்' கொட்டுவதும், 'ஆமாமா, அதேதான்' என்பதும், மறந்துபோன பெயரை எடுத்துக்கொடுப்பதும் இதில் சேரும். டெபோரா டானன் என்ற மொழியியலாளர் நியூயார்க் நகரத்தவரின் உரையாடலை ஆராய்ந்து, சிலருக்கு ஊடே பேசுவதே அக்கறையின் அடையாளம் என்று காட்டினார். அப்படிப் பழகியவர்கள், மற்றவர் முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பதைத்தான் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

மூன்றாவது வகைதான் கடிதத்துக்கு உரியது. குறுக்கே வந்தவர் பேச்சை எடுத்துக்கொண்டார், பேசியவரிடம் அது திரும்பி வரவில்லை, அவர் சொல்ல வந்தது சொல்லப்படாமலே போயிற்று. இதைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். குறுக்கீட்டுக்குப் பிறகு முதலில் பேசியவர் தம் வாக்கியத்தை முடித்தாரா? முடிக்கவில்லை என்றால், அந்த முடியாத பகுதியால் கூட்டத்தின் முடிவு மாறியதா? இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வந்தால் எழுதக் காரணம் இருக்கிறது. குறுக்கீடு எரிச்சல் மட்டும் தந்தது என்றால் கடிதம் அதிகப்படி.

தமிழில் இந்த இழப்புக்கு ஒரு தனிக் கனம் உண்டு. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், ஆம், இல்லை, செய்யலாம், கூடாது என்பதெல்லாம் கடைசிச் சொல்லில்தான் உறுதியாகிறது. 'இதை உடனே நிறுத்திவிட வேண்டும் என்று நான்' என்ற இடத்தில் பேச்சு வெட்டுப்பட்டால், அடுத்து வரவிருந்தது 'நினைக்கிறேன்' என்பதா, 'சொல்லவில்லை' என்பதா என்று அறையில் யாருக்கும் தெரியாது. வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழிக்காரர்கள்தான் மேற்சொன்ன பத்து மொழிகளில் மிக விரைவாகப் பதில் சொன்னார்கள். ஆகவே கடைசி வினையைக் கணிப்பது முடியாத காரியம் அல்ல. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்வது வேறு, வாதத்தின் நடுவில் புகுவது வேறு. வாதத்தில் 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு வருவதைக் கணிக்க முடியாது.

ஒரு பள்ளிக் கூட்டம்

விளக்கத்துக்காக ஒரு நிலைமையை அமைத்துக்கொள்ளலாம். அரூர்ப் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. காலாண்டுத் தேர்வு முடிந்து, வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர் கூட்டம். பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தனி வகுப்பு எப்போது வைப்பது என்பது பேச்சு. கணித ஆசிரியை சில ஆண்டுகளாகத்தான் அங்கே இருக்கிறார். அறிவியல் ஆசிரியர் அவரைவிட வயதிலும் பணியிலும் மூத்தவர்.

ஆசிரியை தொடங்குகிறார்: 'மாலையில் வைக்கலாம் சார், ஆனால்...' மூத்தவர் உடனே, 'சரி, நாலரையிலிருந்து அஞ்சரை. யார் யாருக்கு எந்தக் கிழமைன்னு போட்டுடலாம்' என்கிறார். மற்றவர்கள் கிழமைகளைப் பங்கிடத் தொடங்கிவிடுகிறார்கள். தலைமையாசிரியர் கூட்டப் பதிவேட்டில் மாலை வகுப்பு என்று எழுதிவிடுகிறார். ஆசிரியை சொல்ல வந்தது என்னவென்றால், வகுப்பில் பின்தங்கியவர்களில் பாதிப்பேர் சித்தேரி மலை ஊர்களிலிருந்து வருகிறார்கள், அவர்களுடைய பஸ் ஐந்து மணிக்குப் போய்விடும், ஆகவே காலையில் வைப்பதே நல்லது என்பது. 'ஆனால்' என்ற சொல்லோடு அது நின்றுபோயிற்று. யாருக்காக வகுப்போ அவர்களே வர முடியாத வகுப்பு பதிவாகிவிட்டது.

மூத்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்பது அவர் அவசரம். இதற்கு முந்தைய கூட்டத்திலும் ஆய்வக நேரம் பற்றிய பேச்சில் இதேபோல் நடந்திருக்கிறது. நேரில் சொல்லலாம் என்றால் ஆசிரியர் அறையில் எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் சொன்னால் அது கண்டிப்பு. ஆகவே எழுதுவது பொருத்தம். எழுத்துக்கு இங்கே இன்னொரு நன்மையும் உண்டு. படிப்பவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். உடனே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருக்காது.

முதல் வரைவு எப்படிக் கெடுகிறது

இப்படி ஒரு நிலைமையில் முதலில் கைக்கு வரும் வரைவு பெரும்பாலும் கீழே உள்ளதுபோல் இருக்கும்.

'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கூட்டங்களில் எப்போதும் மற்றவர்களைப் பேசவிடாமல் குறுக்கிட்டு வருகிறீர்கள். இதனால் பலரும் மனவருத்தத்தில் உள்ளனர். இனிவரும் கூட்டங்களில் இவ்வாறு நடந்துகொள்ளாதிருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

இதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. 'பணிவுடன்' என்றுகூட இருக்கிறது. ஆனாலும் இது குறிப்பாணை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற வினையில் கேட்பவர் யார் என்பது மறைந்து, அலுவலகம் கேட்பதுபோல் ஆகிறது. தினமும் 'சார்' என்று கூப்பிடுகிறவர் திடீரென்று 'ஐயா, தாங்கள்' என்று எழுதினால் அது மரியாதையாகப் படாது, விலக்கி நிறுத்துவதாகப் படும். 'எப்போதும்' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும். தாம் பொறுமையாகக் கேட்ட ஒரு கூட்டத்தை அவர் நினைவுகூர்ந்துவிட்டால் கடிதம் முழுதும் பொய்யாகிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது 'பலரும்'. அதைப் படித்தவர் தம் பழக்கத்தைப் பற்றி யோசிக்க மாட்டார். அந்தப் பலர் யார் யார் என்று தேடத் தொடங்குவார். தம் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது என்று முடிவு கட்டுவார். கடைசியாக, எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் இந்த வரைவு, எதைச் செய்தால் போதும் என்று சொல்லவில்லை.

மனுவின் குரலில் எழுதினாலும் வேலை நடக்காது. 'என்னுடைய தாழ்மையான வேண்டுகோள், தவறாக நினைக்க வேண்டாம், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், சிறியவள் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும்' என்று அரைப்பக்கம் போனால், படிப்பவர் 'ஏதோ பெரிய குற்றம் சாட்டப் போகிறார்' என்று முன்பே எச்சரிக்கையாகிவிடுகிறார். அல்லது ஒரு நிமிடம் பரிவு காட்டிவிட்டு மறந்துபோகிறார். புகழ்ச்சியில் தொடங்குவதும் இதே வகைதான். 'தங்கள் அனுபவமும் திறமையும் எங்களுக்கு வழிகாட்டி' என்று எழுதி அடுத்த வரியில் குறையைச் சொன்னால், முதல் வரி தூண்டில் புழுவாகத் தெரியும்.

திருத்திய கடிதம்

அதே ஆசிரியை எழுதக்கூடிய கடிதம் இப்படி அமையலாம்.

'வணக்கம் சார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மாலை வகுப்பு பற்றி நான் பேசும்போது, "வைக்கலாம், ஆனால்" என்பதுவரைதான் சொன்னேன். அதற்குள் நீங்கள் கிழமை பிரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். மலை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐந்து மணிக்குப் பஸ் போய்விடும், காலையில் வைக்கலாம் என்று சொல்ல வந்தேன். அது சொல்லாமலே நின்று, பதிவேட்டில் மாலை என்று ஏறிவிட்டது. போன கூட்டத்தில் ஆய்வக நேரம் பற்றிப் பேசும்போதும் இப்படி ஆனது. கூட்டம் இழுக்கக் கூடாது என்றுதான் நீங்கள் முந்திக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பேச்சு நடுவில் நின்றுவிட்டால் எனக்குத் திரும்ப எடுக்க வருவதில்லை. அடுத்த கூட்டத்தில் நான் "அவ்வளவுதான் சார்" என்று சொல்லும்வரை விட்டால் போதும். நான் நீட்டிப் பேசுவதாகத் தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள், சுருக்கிக்கொள்கிறேன். ஸ்டாஃப் ரூமில் தனியாகப் பேச முடியவில்லை, அதனால்தான் எழுதினேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.'

இந்தக் கடிதம் நடந்ததில் தொடங்குகிறது. கிழமை, பேச்சு நின்ற இடம், நின்றதால் ஆனது ஆகிய மூன்றும் அந்த அறையில் இருந்த யாரும் சரிபார்க்கக்கூடியவை. 'குறுக்கிடுகிறீர்கள்' என்ற தீர்ப்புச் சொல் எங்குமே இல்லை. 'நீங்கள் கிழமை பிரிக்கத் தொடங்கிவிட்டீர்கள்' என்பது செயலைச் சொல்கிறது. செயலை ஒப்புக்கொள்வது எளிது, குணத்தை ஒப்புக்கொள்வது கடினம்.

இரண்டாவது நிகழ்ச்சியை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்தியிருக்கிறது. ஒரே ஒரு நிகழ்ச்சி என்றால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஐந்தாறு அடுக்கினால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். பழக்கம் என்று காட்ட இரண்டு போதும்.

அவருடைய நோக்கத்தைப் பற்றிய வரியில் கவனம் வேண்டும். 'என்று நினைக்கிறேன்' என்ற முடிவு அதை ஊகமாகவே வைத்திருக்கிறது. நல்ல நோக்கத்தை ஊகிப்பதால் அவர் கௌரவமாகப் பின்வாங்க ஒரு வழி கிடைக்கிறது. ஆனால் அந்த ஊகம் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். எரிந்து விழுந்தவரிடம் 'என் மேல் உள்ள அக்கறையால்தான்' என்று எழுதினால் அது குத்தலாகிவிடும்.

கேட்பது ஒன்றே ஒன்று: 'அவ்வளவுதான் சார்' என்று சொல்லும்வரை. இதற்குக் காதில் விழும் ஒரு அடையாளம் இருக்கிறது, பின்பற்றப்பட்டதா இல்லையா என்பது இருவருக்கும் தெரியும். 'இனி மரியாதையாக நடக்க வேண்டும்' என்பதுபோன்ற வேண்டுகோளுக்கு அப்படி ஒரு அளவு இல்லை. 'விட்டால் போதும்' என்ற நடையும் பொருத்தமானது. 'விடுங்கள்' என்ற ஏவலைவிட மென்மையானது, 'விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்பதைவிட இயல்பானது. அடுத்த வரியில் தம் பக்கத்துக்கும் ஒரு கடமையை ஏற்றுக்கொள்வதால் கடிதம் ஒருவழி உத்தரவாக இல்லாமல் இருவருக்குமான ஏற்பாடாகிறது.

'வேறு யாரிடமும் சொல்லவில்லை' என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும். ஏற்கனவே இரண்டு பேரிடம் ஆற்றாமையைக் கொட்டியிருந்தால் அந்த வரியை விட்டுவிடுவதே நேர்மை.

கையில் சேர்ப்பது

கடிதத்தில் ந.க.எண், 'பொருள்', கீழே 'நகல்' ஆகிய எதுவும் கூடாது. தலைமையாசிரியருக்கு ஒரு நகல் போனால் அந்தக் கணமே அது புகார் மனு. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பெயர் சொல்லாமல், 'கூட்டத்தில் அனைவரும் மற்றவர் பேச்சை மதிப்போம்' என்று பொதுவாகப் போடுவதும் அதே தவறுதான். யாரைச் சொல்கிறது என்று அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் புரியும். சில நாளில் அவருக்கும் புரியும்.

தனி வாட்ஸ்அப் செய்தி வசதியானது, ஆனால் ஒரு தட்டலில் வேறு கைக்குப் போகும். எனவே மூன்றாமவர் படித்தாலும் வெட்கப்பட வேண்டாத வாசகம்தானா என்று அனுப்பும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லது. இரவு நேரத்தைத் தவிர்த்து, வேலை நாளில் பகலில் அனுப்புவது சரி. ஒரு பெண் ஊழியர் ஆண் ஊழியருக்கு எழுதும்போது, படிப்பவர் வீட்டாரும் அந்த போனைப் பார்க்கக்கூடும் என்பது நினைவில் இருக்க வேண்டும். குரல் பதிவு அறவே வேண்டாம், அது ஆசிரியர் அறையில் சத்தமாகவே ஒலிக்கும். மடித்த தாளைக் கையில் கொடுத்து, 'நேரம் இருக்கும்போது படியுங்கள் சார்' என்று சொல்வது இன்னும் பாதுகாப்பானது. வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டு வந்தால் அதை முதலில் படிப்பவர் வேறு யாராவதாக இருப்பார்.

நேரமும் முக்கியம். கூட்டம் முடிந்த அன்றே எழுதினால் சூடு தெரியும். அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் கொடுத்தால் எச்சரிக்கைபோல் ஆகும். இரண்டுக்கும் நடுவில், நினைவு மங்காத ஓரிரு நாளில் கொடுப்பது பொருத்தம்.

யார் யாருக்கு எழுதுவது

ஒரே வயது, ஒரே பதவி, 'வா, போ' என்று பழகுகிறவர்கள் என்றால் பெரும்பாலும் எழுதத் தேவையில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று சொல்லிவிடலாம். எழுதியே ஆக வேண்டும் என்றால் இரண்டு வரி போதும். மேலதிகாரி தமக்குக் கீழே உள்ளவருக்கு இதைப் பற்றி எழுதவே கூடாது. அவர் எவ்வளவு இனிக்க எழுதினாலும் அது குறிப்பாணையாகத்தான் வாசிக்கப்படும். அவருக்குக் கூட்டத்திலேயே வழி இருக்கிறது. 'ஒரு நிமிஷம் சார், டீச்சர் முடிக்கட்டும்' என்ற வாக்கியம் தலைமை நாற்காலியிலிருந்து வந்தால் கடிதத்துக்கு வேலை இல்லை. மக்களவை நடைமுறை விதிகளில் 349-ஆவது விதி, பேசும் உறுப்பினரைக் கூச்சலிட்டு இடைமறிக்கக் கூடாது என்கிறது. அங்கேயும் விதி தானாக வேலை செய்வதில்லை, அவைத்தலைவர் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில குறுக்கீடுகளுக்கு இந்த நயமான கடிதம் பொருந்தாது. பெண் என்பதற்காக இழிவுபடுத்தும் பாலியல் பேச்சு என்றால் அது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது என்றால் அதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே எழுத வேண்டியது முறையான புகார்.

கொடுத்த பிறகு

பதில் வரலாம், வராமலும் போகலாம். 'சரிம்மா, பார்த்துக்கிறேன்' என்று வந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். நன்றி சொல்லி இன்னொரு பத்தி எழுதினால் முடிந்த பேச்சு மறுபடி திறக்கும். பதிலே வராவிட்டால் விசாரிக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டமே பதில்.

அந்தக் கூட்டத்தில் மூன்றில் ஒன்று நடக்கும். அவர் முடியும்வரை காத்திருந்தால், 'அவ்வளவுதான் சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று அவர் கருத்தைக் கேட்பது சரியான முறை. கடிதம் தம்மை வாயடைக்க வந்ததல்ல என்பது அப்போது அவருக்குத் தெரியும். இரண்டாவதாக, அவர் கூட்டம் முழுவதும் வாயே திறக்காமல் இருக்கலாம். இது வெற்றி அல்ல, காயத்தின் அறிகுறி. அப்போதும் அவருக்குத் தெரிந்த விஷயத்தில் அவர் கருத்தைக் கேட்பதுதான் மருந்து. மூன்றாவதாக, 'நான் இப்போ பேசலாமா டீச்சர்?' என்று எல்லார் முன்னிலும் குத்தலாகக் கேட்கலாம். அதற்குக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், 'சொல்லுங்க சார்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் இருவருக்குள் இருந்தது எல்லாருடையதாகிவிடும்.

கடிதத்துக்குப் பின் இரண்டு கூட்டங்கள் கழிந்தும் மாற்றம் இல்லை என்றால் இரண்டாவது கடிதம் எழுதக் கூடாது. இரண்டாவது கடிதம் முதல் கடிதத்தைப் 'பார்வை'யில் சுட்டாமல் இருக்க முடியாது, அப்படிச் சுட்டியதும் அது குறிப்பாணைதான். அதன் பிறகு செய்ய வேண்டியது, ஒருவர் பெயரையும் சொல்லாமல், கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பேசும் முறையை வைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்பது. மாலை வகுப்பைக் காலைக்கு மாற்ற அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பஸ் நேரத்தைச் சொல்லிப் பதிவேட்டைத் திருத்தும்படி அடுத்த வேலை நாளிலேயே தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டுவிடலாம். குறுக்கீட்டைத் திருத்துவதும் அதனால் வந்த தவறைத் திருத்துவதும் இரண்டு தனி வேலைகள்.